போர் மோட்டார் போனதை ஹவுஸ் ஓனருக்குச் சொல்வது எப்படி?

போர் மோட்டார் நின்றுபோன சேதியை ஹவுஸ் ஓனரிடம் சொல்ல எது நல்ல நேரம் என்று பஞ்சாங்கத்தில் போடுவதில்லை. விடியற்காலை போன் செய்தால் தூக்கத்தில் எழுப்பிய பாவம் சேரும். எட்டு மணிக்கு அவர் பூஜையில் இருப்பார். மத்தியானம் சாப்பாடு, அதன் பிறகு கொஞ்சம் கண்ணயரும் நேரம். சாயங்காலம் சொன்னால், "இதைக் காலையிலேயே சொல்லக் கூடாதாப்பா? இனிமே எந்த மெக்கானிக் வருவான்?" என்பார். ஆக நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. நல்ல முறை என்று ஒன்று உண்டு. மேடவாக்கம், மடிப்பாக்கம், தாம்பரம் பக்கம் ஒரே போரை நம்பி நாலு போர்ஷன் இருக்கும் வீடுகளில் குடியிருந்து தேறியவர்களுக்கு அது தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், சொல்லக் கூடாதது. "சார், தண்ணி வரலை சார்." பெரும்பாலான குடித்தனக்காரர்கள் செய்யும் தவறு இதுதான். இந்த வாக்கியம் ஓனரின் காதில் 'செலவு' என்று விழுகிறது. செலவு என்றதும் மனித மனம் அது வராமல் போவதற்கான வழிகளைத் தேடும். கரண்ட் இருக்கா? மெயின் போட்டீங்களா? வால்வு திறந்திருக்கா? மேல் வீட்டுக்காரங்க மூடி வெச்சிருப்பாங்க, பாருங்க. டேங்க்ல குப்பை அடைச்சிருக்கும். இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக ஓடிப் பார்த்து ஓடி வந்து பதில் சொன்னால் ஒரு பகல் போய்விடும். கடைசியில் அவர், "சரி, நாளைக்குப் பாப்போம்" என்பார். மொட்டை மாடி சின்டெக்ஸில் அப்போது அடிமட்டத்துக் கலங்கல்தான் மிச்சம் இருக்கும்.

எனவே போனை எடுப்பதற்கு முன் மாடிப்படிக்குக் கீழே போங்கள். மின்சார மீட்டருக்குப் பக்கத்தில், யாரோ போட்டுவிட்டுப் போன உடைந்த சைக்கிளுக்குப் பின்னால், ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் மோட்டார் பேனல், ஸ்டார்டர் பெட்டி என்றும் சொல்வார்கள். அதன் முகத்தில் முள் வைத்த இரண்டு மீட்டர்கள்: ஒன்று வோல்ட், ஒன்று ஆம்பியர். கீழே பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். உள்ளே கெப்பாசிட்டர்கள், சமயத்தில் ஒரு பல்லி. 180 அடி ஆழத்தில் இருட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் மோட்டாரின் நிலைமையை மேலே நிற்கும் உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த ஆம்பியர் முள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த முள்ளைப் பற்றியதுதான்.

வீடுகளில் சாதாரணமாக இருப்பது ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள். அது ஒழுங்காக ஓடும்போது முள் ஏழு, எட்டு ஆம்பியர் பக்கம் நிற்கும்; மோட்டாருக்கு மோட்டார் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். பச்சையை அமுக்கியதும் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு இந்த இடத்துக்கு இறங்கி நின்றால், கீழே எல்லாம் சௌக்கியம் என்று அர்த்தம்.

தண்ணீர் நின்ற நாளில் முள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அமுக்கினால் அசையவே இல்லை, வோல்ட் முள்ளும் படுத்துக் கிடக்கிறது என்றால் கரண்டே வரவில்லை. ஓனரைக் கூப்பிட்டு மானத்தை வாங்கிக்கொள்ளாமல் எம்.சி.பி.யைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். வோல்ட் இருக்கிறது, ஆம்பியர் முள் மட்டும் அசையவில்லை என்றால் பேனலில் ஏதோ ஒன்று கெட்டிருக்கும், அல்லது கீழே போகும் கேபிள் எங்கோ விட்டுப்போயிருக்கும்.

முள் எழுகிறது, ஆனால் வழக்கமான எட்டுக்குப் பதிலாக ஐந்திலோ நான்கிலோ சாதுவாக நிற்கிறது, டேங்கில் மட்டும் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. இதுதான் மோசமான அமைதி. மோட்டார் சுற்றுகிறது, ஆனால் தூக்குவதற்குச் சுமை இல்லை என்று பொருள். போரில் தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே இறங்கியிருக்கும். பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங் தேய்ந்து போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும். உடனே சிவப்பை அமுக்குங்கள். சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சூடு தணிப்பது சுற்றிலும் இருக்கும் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடவிட்டால் இன்றைக்கு நல்லபடியாக இருக்கும் மோட்டார் இன்றைக்கே எரியும்.

மூன்றாவது வகைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பச்சையை அமுக்கியதும் முள் விருட்டென்று கோடிக்கு ஓடி முட்டிக்கொள்கிறது. உறுமல் மாதிரி ஒரு சத்தம். மூன்று நான்கு விநாடியில் 'டப்' என்று ட்ரிப். கெப்பாசிட்டர் போயிருந்தாலும் இப்படி ஆகும், மணல் புகுந்து பம்ப் இறுகியிருந்தாலும் ஆகும், வோல்டேஜ் 180-க்குக் கீழே கிடந்தாலும் ஆகும், காயில் எரிந்திருந்தாலும் ஆகும். முதலாவது சில நூறு ரூபாயில் முடியும். கடைசியது பல ஆயிரம். ஓனர் முதலாவதைத்தான் நம்புவார். அதில் தவறில்லை, முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இது கேலி இல்லை. இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாயிற்று, இரண்டு தடவையும் ட்ரிப் ஆயிற்று என்றால் மூன்றாவது தடவை கை வைக்காதீர்கள். மோட்டார் புறப்படும் அந்த ஒரு கணத்தில் வழக்கமான கரண்ட்டைப்போல நான்கு, ஐந்து மடங்கு இழுக்கும். புறப்பட முடியாமல் நிற்கும் மோட்டார் ட்ரிப் ஆகும்வரை அவ்வளவையும் இழுத்துக்கொண்டே இருக்கும், அத்தனையும் காயிலில் சூடாக இறங்கும். கெப்பாசிட்டர் மட்டும் போயிருந்த மோட்டாரைக் காயிலும் போன மோட்டாராக மாற்ற, ஆர்வமுள்ள ஒரு விரல் போதும். அந்த ஆர்வம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் போனின் மறுமுனையில் இருப்பவருக்கு உண்டு. "இன்னொரு வாட்டி போட்டுப் பாருப்பா. பச்சையை நல்லா அழுத்திப் பிடி. விடாதே." விடாமல் பிடிக்கச் சொல்வார்கள். பிடிக்காதீர்கள். "சார், ரெண்டு தடவை போட்டாச்சு. இனிமே போட்டா காயில் போயிடும்னு பயமா இருக்கு" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். 'காயில்' என்ற வார்த்தை வேலை செய்யும்.

பேனலைத் திறந்து பார்க்கும் வீரமும் வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். தொட்டால் தூக்கிப்போடும்.

இனி, சொல்வது.

ஓனர் கீழ்த்தளத்தில் இருப்பவராக இருந்தால் அவருக்கும் தண்ணீர் வராது. நீங்கள் சொல்லத் தேவையே இல்லை, ஒன்பது மணிக்குள் மெக்கானிக் வந்துவிடுவார். சிக்கல் எல்லாம் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கும் ஓனரிடம்தான். அவர் வீட்டில் தண்ணீர் வருகிறது. அதனால் அவருக்கு நிதானம் வருகிறது. இந்த வகை ஓனருக்குப் போனில் மட்டும் சொல்வது காற்றில் எழுதுவதுதான். முதலில் பேனலை வீடியோ எடுங்கள்: வோல்ட் முள் தெரிய வேண்டும், பச்சையை அமுக்கும் விரல் தெரிய வேண்டும், ஆம்பியர் முள் ஓடி முட்டுவதும் ட்ரிப் ஆகும் சத்தமும் பதிவாக வேண்டும். மேலே சொன்ன இரண்டு தடவையில் இரண்டாவது தடவையை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அதை அனுப்பிவிட்டு, கீழே இதைப்போல எழுதுங்கள்:

"வணக்கம் சார். போர் மோட்டார் இன்று காலை 6.30 முதல் ஓடவில்லை. வோல்டேஜ் 225 இருக்கிறது. எப்போதும் 8 ஆம்பியரில் ஓடும். இன்று முள் கடைசிவரை போய் 3 விநாடியில் ட்ரிப் ஆகிறது, வீடியோ அனுப்பியிருக்கிறேன். இரண்டு முறைதான் போட்டேன், இனிப் போடவில்லை. மாடி டேங்கில் கால் பங்கு தண்ணீர் இருக்கிறது, நாலு வீட்டுக்கும் இன்று மதியம் வரைதான் வரும். மெக்கானிக்கை நீங்கள் அனுப்புகிறீர்களா, நானே கூப்பிட்டுவிடட்டுமா? 10 மணிக்குள் சொல்லுங்கள் சார். மற்ற மூன்று வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன்."

இதில் 'தயவுசெய்து' இல்லை, 'ரொம்பக் கஷ்டமா இருக்கு சார்' இல்லை, குழந்தைக்குப் பரீட்சை என்பதும் இல்லை. இவை எல்லாம் நிஜமாக இருக்கலாம். ஆனால் ஓனருக்கும் கஷ்டங்கள் உண்டு, பேச்சு அங்கே திரும்பினால் திரும்பி வராது. வோல்டேஜைச் சொல்லிவிட்டதால் 'கரண்ட் இருக்கா' என்ற கேள்வி போயிற்று. எட்டு என்ற பழைய அளவைச் சொன்னதால் நீங்கள் கவனித்து வருகிறவர் என்று தெரிந்துவிட்டது. மதியம் வரை என்று சொன்னதுதான் அவசரம். 'அர்ஜென்ட்' என்று எழுதினால் அவசரம் ஆகாது. தண்ணீர்க் கணக்கைப் போட்டே சொல்லலாம்: நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அரசுக் கணக்கு. நாலு வீட்டில் பதினாறு பேர் என்றால் ஒரு நாளைக்கு 2,000 லிட்டருக்கு மேல். ஆயிரம் லிட்டர் டேங்கில் கால் பங்கு என்பது 250 லிட்டர். மதியம் வரை என்று எழுதியதே தாராளம்.

கடைசி வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம். மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன் என்றால், இன்னும் மூன்று போன் வரப்போகிறது என்று அவருக்குப் புரியும். மூன்றாவது போன் வருவதற்குள் அவர் ஒரு முடிவுக்கு வருவார்.

அந்த முடிவு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். அவர்தான் அந்த மோட்டாரை இறக்கினவர். வேற யாரையும் கை வைக்க விடாதீங்க."

'நம்ம ஆள்' எல்லா ஓனருக்கும் ஒருவர் உண்டு. மோட்டார் போகும் நாளில் அவர் மாலை போட்டு சபரிமலை போயிருப்பார், இல்லாவிட்டால் மச்சினி கல்யாணத்துக்குத் திருவண்ணாமலை போயிருப்பார். போனை எடுத்தால் "அஞ்சு நிமிஷத்துல வரேன் சார்" என்பார். அவரைக் குறை சொல்ல வேண்டாம். போரில் எத்தனை அடி பைப் இறங்கியிருக்கிறது, எந்தப் பழுதுக்கு எப்போது எடுத்தது என்பதெல்லாம் நிஜமாகவே அவருக்கு மட்டும்தான் தெரியும், ஓனருக்குக்கூடத் தெரியாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அவர் நம்பர் கொடுங்க சார், நானே பேசிடறேன்." பேசிவிட்டு ஓனருக்குத் திரும்பச் சொல்லுங்கள்: "மூணு மணிக்கு வரேன்னார் சார். வரலைன்னா மூணரைக்கு வேற ஆளைக் கூப்பிடறேன்." இதற்கு அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை போட்டாலும் போதும். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

ஓனர் சொல்லும் இன்னொரு கதைக்கும் தயாராக இருங்கள். "மேல் வீட்டுக்காரங்க மோட்டாரைப் போட்டுட்டு மறந்திருப்பாங்க. டேங்க் நிரம்பி வழிஞ்சிருக்கும். அதான் எரிஞ்சுபோச்சு." கேட்பதற்கு நியாயமாக இருக்கும், மேல் வீட்டுக்காரர்களும் மறக்கிறவர்கள்தான். ஆனால் டேங்க் வழிவதால் தண்ணீரும் மின்கட்டணமும்தான் வீண். போரில் தண்ணீர் இருக்கும்வரை மோட்டார் அதன்பாட்டுக்குக் குளித்துக்கொண்டே ஓடும். வழிவது அதற்குத் தெரியாது. போர் வற்றும் அளவுக்கு ஓடினால்தான் ஆபத்து. கோடையில் அப்படி நடக்கலாம், நடக்கவில்லை என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வேளையில் தானாக நிறுத்துவதற்கென்றே ட்ரை ரன் ப்ரிவென்டர் என்று ஒரு சாதனம் பேனலில் வைக்கலாம். அது அந்தப் பேனலில் ஏன் இல்லை என்பது மேல் வீட்டுக்காரர்களிடம் கேட்கும் கேள்வி அல்ல.

இப்போது மெக்கானிக் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நாலு மணிக்கு, மூன்று மணி என்று சொன்னதற்கு அது நல்ல நேரம்தான். அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள், ஓனருக்கு அடுத்து சொல்ல வேண்டிய விஷயம் அங்கேதான் பிறக்கிறது.

முதலில் கெப்பாசிட்டரை மாற்றுவார். மாற்றிப் போட்டதும் மோட்டார் ஓடிவிட்டால் கதை அங்கேயே சுபம். ஓடவில்லை, முள் மறுபடியும் கோடியில் போய் முட்டுகிறது என்றால், மெயினை அணைத்துவிட்டு போருக்குப் போகும் மூன்று ஒயர்களையும் பேனலிலிருந்து கழற்றுவார். கழற்றி, இரண்டிரண்டாக மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குள் இரண்டு காயில், ஒன்று ரன்னிங், ஒன்று ஸ்டார்ட்டிங். ரன்னிங் 3 ஓம், ஸ்டார்ட்டிங் 6 ஓம் என்று காட்டினால், இரண்டின் மறு முனைகளுக்கு இடையில் 9 காட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வராவிட்டால் காயில் போயிற்று, அல்லது வழியில் கேபிள் போயிற்று. பிறகு ஒயருக்கும் எர்த்துக்கும் இடையில் மெக்கர் வைத்துப் பார்ப்பார். அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் உள்ளே எங்கோ கரண்ட் தண்ணீரில் கசிகிறது.

இங்கே மெக்கானிக் ஒரு நல்ல சேதியும் ஒரு கெட்ட சேதியும் சொல்வார். நல்லது: மோட்டார் நன்றாகவே இருக்கலாம், தண்ணீருக்கடியில் கேபிள் ஜாயின்ட் மட்டும் நனைந்திருக்கலாம், டேப் சுற்றினால் சரியாகிவிடும். கெட்டது: அந்தப் பத்து ரூபாய் டேப்பைச் சுற்றுவதற்கும் மோட்டாரை மேலே எடுத்தாக வேண்டும்.

இப்போது ஓனரிடம் இரண்டாவது தடவை சொல்லுங்கள். இதுதான் கடினமான தடவை. கெப்பாசிட்டரோடு முடிந்துவிடும் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். மல்டிமீட்டர் காட்டிய மூன்று எண்களையும் படம் எடுத்து அனுப்பி, "கெப்பாசிட்டர் புதுசு போட்டும் ஓடலை சார். எர்த் பூஜ்யம் காட்டுது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்னு சொல்றார். எடுக்கிற கூலி இவ்வளவு கேட்கிறார். எடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். தொகை, காரணம், அனுமதி மூன்றும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். மெக்கானிக்கையும் ஓனரையும் நேரடியாகப் பேசவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். பேசட்டும், ஆனால் ஸ்பீக்கரில் பேசட்டும். நீங்கள் கேட்காத பேச்சில்தான் "அது குடித்தனக்காரங்க வாங்கிக் குடுப்பாங்க" என்ற வரி வரும்.

மறுநாள் காலை மூன்று ஆட்களும் ஒரு முக்காலியும் செயின் புல்லியும் வரும். 180 அடி பைப் என்பது காகிதத்தில் எண். வெளியே வரும்போது அது ஒரு தெரு. கருப்பு ஹெச்.டி.பி.இ. பைப்பாக இருந்தால் நடுவில் வெட்ட மாட்டார்கள். ஒருவர் போர் வாயில் நின்று இழுக்க இழுக்க, மற்றவர் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டி, பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு என்று ஐந்தாறு வீட்டு வாசல்களைக் கடந்து போய்க்கொண்டே இருப்பார். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார். பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும். கீழே நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் பைப்பில் நிற்கும் தண்ணீர் இறங்காமல் கூடவே வரும்; அந்தத் தண்ணீரே நாற்பது கிலோவுக்கு மேல். அதோடு மோட்டார், கேபிள், கயிறு. எடுக்கிற கூலி ஏன் அவ்வளவு என்று ஓனர் கேட்டால் இந்தக் காட்சியை வீடியோ எடுத்து அனுப்புங்கள். வேறு விளக்கம் வேண்டாம்.

கடைசியாக மோட்டார் வெளியே வரும், சேறும் துருவும் பூசிக்கொண்டு, பருத்த ஒரு குழாய்த் துண்டு. ஜாயின்ட்டைப் பிரித்துவிட்டு மோட்டாரை மட்டும் தனியாக மறுபடி அளப்பார்கள். இப்போது அளவு சரியாக வந்தால் ஜாயின்ட்டுதான் குற்றவாளி, மதியத்துக்குள் தண்ணீர். வராவிட்டால், மோட்டாரின் திருகைக் கழற்றிச் சாய்ப்பார்கள். தண்ணீர் நிரப்பிய வகை மோட்டாரென்றால் தெளிவான தண்ணீர் வர வேண்டும். கறுப்பாக, கருகிய வாடையோடு ஒழுகினால் காயில் எரிந்துவிட்டது. அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவருக்கு மெக்கர் தேவைப்படாது.

எரிந்தது தெரிந்ததும் ஓனர் முன்னால் இரண்டு வழி. ரீவைண்டிங் கட்டுவது, அல்லது புது மோட்டார். கட்டுவது மலிவு, பட்டறைக்காரர் ஒன்றிரண்டு நாள் கேட்பார். புதியது செலவு, இன்றைக்கே இறக்கிவிடலாம். ஓனர் கட்டச் சொல்வார். கட்டிய மோட்டாரும் வருஷக்கணக்கில் ஓடும், அதில் அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளுக்குத் தண்ணீர் எங்கே என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள். சம்ப் இருந்தால் ஒரு லாரி தண்ணீர் விடலாம். மெட்ரோ வாட்டர் லாரியில் 6,000 லிட்டர், 9,000 லிட்டர் என்று பதிவு செய்ய முடியும். பதியும் முன் சம்ப் எவ்வளவு கொள்ளும் என்று பாருங்கள், பல வீட்டுச் சம்ப்புகள் மூவாயிரத்துக்கே நிரம்பிவிடும். சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் சின்ன மோட்டார் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். போர் நேராக மாடி டேங்குக்கே போகிற வீட்டில் அந்தச் சின்ன மோட்டாரை வருஷக்கணக்காக யாரும் போட்டிருக்க மாட்டார்கள், அதுவும் உறுமும்.

லாரிக்கு யார் கொடுப்பது? இதைக் கேட்காமல் விட்டால் நீங்கள்தான். "லாரித் தண்ணிக்கு நான் குடுத்துட்டு அடுத்த மாச வாடகையில கழிச்சுக்கறேன் சார், சரிங்களா?" என்று முன்கூட்டி எழுதிவிடுங்கள். 'பாத்துக்கலாம்' என்று பதில் வந்தால் அது சம்மதம் இல்லை. மறுபடியும் கேளுங்கள்.

'சட்டம்' என்ற சொல்லை இதுவரை நான் எடுக்கவில்லை, நீங்களும் முதல் நாளே எடுக்காதீர்கள். ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில், பராமரிப்பு வேலைகளை யார் செய்வது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் மாற்றுவதும் மின் ஒயரிங்கும் ஓனர் பக்கம். குழாய்க்கு வாஷர் போடுவது, கழிவுநீர் அடைப்பு எடுப்பது போன்றவை குடியிருப்பவர் பக்கம். தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதியை நிறுத்திவைக்கக் கூடாது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம் என்றும் இருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் 'மோட்டார் ரிப்பேர்' யார் கணக்கு என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். சில ஒப்பந்தங்களில் "சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு" என்று மட்டும் இருக்கும். காயில் எரிந்தது சிறு பழுதா என்பதில் இரண்டு தரப்புக்கும் தனித்தனிக் கருத்து இருக்கும். அடுத்த தடவை கையெழுத்துப் போடும் முன் அந்த வரியில் 'போர் மோட்டார் நீங்கலாக' என்று சேர்க்கச் சொல்லுங்கள். வீடு காட்டும் நாளில் எந்த ஓனரும் தாராள மனசுக்காரர்தான்.

மோட்டாரை மறுபடி இறக்கும் நாளில் ஓனருக்கு ஒரு கடைசிச் செய்தி பாக்கி இருக்கும். இது யாருக்கும் பிடிக்காத செய்தி: ஏன் எரிந்தது என்று கேட்பது. கட்டிய காயில் அதே காரணத்தால் மறுபடி எரியும். கடந்த சில வாரங்களாகக் குழாயில் காற்றும் தண்ணீருமாகச் சீறி வந்ததா? முன்பு முப்பத்தைந்து நிமிஷத்தில் நிரம்பிய டேங்க் ஒரு மணி நேரம் எடுத்ததா? அப்படியென்றால் போரில் மட்டம் இறங்கிவிட்டது. பம்பை இன்னும் இருபது அடி கீழே இறக்க இடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேட்க இதுதான் நேரம், பைப் தெருவில் கிடக்கும்போதே. சாயங்காலங்களில் வோல்டேஜ் விழுகிற தெருவா? விழுந்த வோல்டேஜில் மோட்டார் கூடுதலாக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். அந்த நேரத்தில் போடாமல் விடிகாலையில் போடுங்கள் என்று நாலு வீட்டுக்கும் சொல்ல வேண்டியதுதான். ட்ரை ரன் ப்ரிவென்டரைப் பற்றிப் பேசவும் இதைவிட நல்ல நேரம் வராது, கூலி கொடுத்த வலி ஆறாமல் இருக்கும்போது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "இப்பதான் எல்லாம் நல்லா ஓடுதே" என்பார்.

மோட்டார் ஓட ஆரம்பித்ததும் ஓடும் ஆம்பியரைப் பார்த்து, பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதுங்கள். தேதி, பைப் எத்தனை அடி, டேங்க் நிரம்ப எத்தனை நிமிஷம், யார் இறக்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இப்போது உங்கள் வீட்டில் மோட்டார் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாலும் இன்றைக்கே இறங்கிப் போய் எழுதிவிடுங்கள். எரிந்த பிறகு அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.